சம்மட்டிக்குக் கீழே

கிணற்று வேலையில் இரண்டு உத்தியோகம் உண்டு. ஒருவர் பாறைமேல் உட்கார்ந்து உளியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் நின்றுகொண்டு அந்த உளியின் தலையில் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடிக்கிறவனுக்குத்தான் பேர். இந்தக் கிணறு யார் வெட்டியது என்று கேட்டால், பிச்சைமுத்து வெட்டியது என்பார்கள். உளியைப் பிடித்தது யார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பிச்சைமுத்து நான். உளியைப் பிடித்தது என் பெண்டாட்டி தைலம்மாள்.

என்னுடையது எட்டு பவுண்டு சம்மட்டி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவள் உளியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பாள். திருப்பாவிட்டால் உளி பாறையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு முழம் குழி இறங்கியதும் மருந்து திணித்து வெடிப்போம். ஆறு வருஷமாக இதுதான் எங்கள் குடித்தனம். இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட என் அடி அவள் விரலில் பட்டதில்லை. இதை டீக்கடை, கல்யாண வீடு, சாவு வீடு ஒன்று விடாமல் நான் சொல்லியிருக்கிறேன். தைலம்மாள் இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனைக்கும் விரல் அவளுடையது.

கோமுகி அணைக்குள் மாடு மேய்ந்த வருஷம் அது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் தங்கதுரை என்பவருக்குக் கரும்புக் கொல்லை. அவர் கிணறு நாற்பது அடியில் வறண்டுவிட்டது. இன்னும் பத்தடி இறக்க வேண்டும் என்று எங்கள் மேஸ்திரி இருசப்பனைக் கூப்பிட்டிருந்தார். நானும் தைலம்மாளும் ஒரு ஜோடி. ராசுவும் அவன் பெண்டாட்டி காசியம்மாளும் இன்னொரு ஜோடி. மேலே கப்பியில் கூடை இழுக்க இரண்டு பேர். எல்லாருக்கும் மோட்டார் கொட்டகையில் ஜாகை.

அதுவரை நாங்கள் வெட்டிய கிணறுகளில் எல்லாம் முழங்காலுக்காவது ஊற்றுத் தண்ணீர் நிற்கும். அதை இறைத்துக்கொண்டேதான் வெட்டுவோம். இந்தக் கிணறு அப்படி இல்லை. அடியில் படுத்துத் தூங்கலாம் போலக் காய்ந்து கிடந்தது. வேலைக்கு எவ்வளவு வசதி என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தி எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

நாலாம் நாள் காலையில், சம்மட்டியை நான் தலைக்கு மேலே தூக்கியிருக்கும்போது, தைலம்மாள் உளியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"இன்னாடி?"

"சம்மட்டித் தலை மேல ஏறுதுய்யா. காம்புல வெள்ளையா தெரியுது பாரு."

திருப்பிப் பார்த்தேன். இரும்புத் தலைக்குக் கீழே, காம்பு கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு அரிசி அகலத்துக்கு வெள்ளை மரம் தெரிந்தது. அதுவரை தலைக்குள் மறைந்திருந்த மரம். தலை அந்த அளவுக்கு நுனியைப் பார்த்து நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நின்று அடிக்கிறவன் கண்ணுக்கு இது படாது. உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவளுக்குத்தான் படும்.

"இது ஒரு விஷயமா" என்று சொல்லி, காம்பின் அடியைப் பாறையில் நாலு குத்துக் குத்தினேன். தலை கீழே இறங்கி வெள்ளை மறைந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஐம்பது அடி ஆவதற்குள் வெள்ளை திரும்ப எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் காம்பின் நுனியில் ஒரு ஆணி அடித்தேன். ஏற்கெனவே அங்கே இரண்டு ஆணியும், உடைந்த அரிவாள் துண்டு ஒன்றும் இருந்தன. எல்லாம் நான் பல சமயங்களில் அடித்த ஆப்புகள்தான். மூன்றாவது ஆணி இறங்கும்போது மரம் லேசாக முனகியது. அது இறுகுகிற சத்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. சம்மட்டி ஆடினால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அந்தக் கொல்லையில் தண்ணீர் என்று இருந்தது, குடிப்பதற்கு மாட்டு வண்டியில் வருகிற ஒரு டிரம் மட்டும்தான். அதற்குள் இறக்கிவிட்டேன். காலையில் எல்லார் கஞ்சியிலும் துரு வாடை. காசியம்மாள் என்னைத் திட்டிய திட்டு கிணற்றுக்குள் இறங்கும்வரை கேட்டது. இருந்தாலும் சம்மட்டி கல் மாதிரி இறுகியிருந்தது. "எப்படி?" என்று தைலம்மாளைப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு இரண்டு அரிசி அகலம் வெள்ளை தெரிந்தது.

தைலம்மாள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். "நான் ஒக்கார மாட்டேன்" என்றாள்.

"என் அடி மேல ஒனக்கு நம்பிக்க இல்லியா?"

"அடி மேல இருக்குது. காம்பு மேல இல்ல. எட்டு பவுண்டு இரும்புய்யா. கழண்டா என் மண்டதான் அதுக்கு நேரா இருக்குது."

மேஸ்திரி இருசப்பன் வந்தார். சம்மட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஏம்மா, வேல நிக்குது பாரு" என்றார்.

"நல்லா இருந்தா நீங்க ஒக்காருங்க மேஸ்திரி" என்றாள் தைலம்மாள். குரலில் கோபமே இல்லை.

மேஸ்திரிக்கு அந்த நிமிஷம்தான் முட்டி வலி வந்தது. மடக்க முடியாதாம். அடுத்து ராசு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "பொம்பளைங்க பயந்தா எல்லாத்தையும் பெருசாக்குவாங்க, நவுரு" என்று உளியைப் பிடித்து உட்கார்ந்தான். நான் சம்மட்டியைத் தூக்கினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். "இரு இரு" என்றான். தண்ணீர் தவிக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனவன், டிரம் தண்ணீர் முழுவதையும் குடித்திருந்தாலும் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் இறங்கவில்லை. ஆக, சம்மட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்பதில் ஆண்கள் எங்கள் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழே உட்காரத்தான் ஆள் இல்லை.

மேலேயிருந்து தங்கதுரை எட்டிப் பார்த்தார். "இன்னா இருசப்பா, சத்தத்தையே காணோம்? திங்கக்கெழமைக்குள்ள குழி போட்டு வெடிக்கலன்னா சொல்லிடு. சின்னசேலத்துல கம்ப்ரசர் டிராக்டர் சும்மாதான் நிக்குது. வரச் சொல்லிடறேன்."

மிஷினால் குழி போடுகிற கம்ப்ரசர் வந்தால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். எல்லாரும் தைலம்மாளைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. சம்மட்டி என்னுடையது என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"நாளைக்கு கச்சிராயபாளையம் போயி ஆசாரிகிட்ட காட்டிக்கினு வரேன்" என்றாள் அவள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சம்மட்டிக்காரன் தன் சம்மட்டிக்குக் காம்பு போட ஆசாரியிடம் போவதா? அதுவும் பெண்டாட்டியை அனுப்பி? காம்போடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது, தலையைக் கழற்றினால் எடுத்துப் போ என்று சொன்னேன். மூன்று ஆணியும் அரிவாள் துண்டும் அவ்வளவு சுலபமாக விடாது என்பது என் எண்ணம். அவள் காம்பைத் தலைகீழாகப் பிடித்து, தலையின் விளிம்பில் ஒரு கட்டையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். தலை கழன்று அவள் காலடியில் விழுந்தது.

"ஊறி இருந்துது, அதான்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் நானும் கூடவே போனேன். அவள் தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பஸ்ஸில் அவள் மடியில் துணிப் பைக்குள் சம்மட்டித் தலை. என் கையில் பழைய காம்பு. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம், "பாம்பு அடிச்சிங்களா?" என்று கேட்டார்.

ஆசாரி பேர் சூசை. வண்டிச் சக்கரம், ஏர், கதவு எல்லாம் செய்கிறவர். கோயில் தெருவுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பட்டறை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "யாருது இது?" என்று கேட்டார்.

"எங்க மேஸ்திரிதுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தைலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

சூசை ஒரு குச்சியை எடுத்துத் தலையின் துளைக்குக் குறுக்கே ஒரு பக்கம் வைத்து, சரியான அளவுக்கு உடைத்தார். பிறகு தலையைத் திருப்பி, மறுபக்கத் துளையில் அதே குச்சியை வைத்தார். நுழையவில்லை. விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியாம்மா? ஒரு வாய் அகலம், ஒரு வாய் கொறுகலு. கொல்லன் வேணும்னேதான் இப்படி அடிக்கிறான். கொறுகலா இருக்கிற பக்கமா காம்ப உள்ள வுடணும். அகலமான வாய் மேல வரணும். அப்பறம் ஆப்பு அடிச்சா மரம் மேல விரிஞ்சி அந்த வாய ரொப்பும். விரிஞ்ச மரம் கீழ எறங்காது, தலை மேல ஏறாது." பழைய காம்பில் படிந்திருந்த துருத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "இத மாட்டுனவன் தலைகீழா மாட்டி வெச்சிருக்கான். மரம் விரியறதுக்கு எடமே குடுக்கல. மேல ஆணிய அடிச்சி பொளந்து வேற வெச்சிருக்கான். ஒங்க மேஸ்திரிக்கு கண்ணு கிண்ணு தெரியாதா?"

"வயசாயிடிச்சிங்க" என்றேன். இருசப்பனுக்கு அப்போது நாற்பது வயசுகூட இல்லை.

"எத்தினி நாளா இப்படி அடிக்கிறான்?"

"ஆறு வருசம்" என்றாள் தைலம்மாள்.

சூசை காம்பை முகர்ந்து பார்த்தார். "தண்ணியிலயே கெடக்குமா இது?"

"கெணத்து வேலைங்க. ராத்திரிக்கு ஊத்துத் தண்ணியிலயேதான் போட்டு வெப்போம்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு. இவ்ளோ நாளா தண்ணிதான் தலைய புடிச்சிக்கினு இருந்திருக்குது. ஆப்பு புடிக்கல. ஈரத்துல மரம் உப்பி இரும்போட மோதி நசுங்கும். காஞ்சா முன்ன இருந்தத விட கம்மியாயிடும். திரும்ப ஊறப்போடுவான், திரும்ப நசுங்கும். அந்த ஆளுக்கு கீழ உளி புடிச்சவ யாரோ, புண்ணியம் பண்ணவ."

அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறு வருஷம், பதினேழு கிணறு. என் கை, என் அடி, என் ஆப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாங்கிப் பிடித்தது கிணற்றில் நின்ற ஊற்றுத் தண்ணீர். நான் புளியமரத்து வேரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அவர் மேஸ்திரியைத் திட்டும்போது நான் தலையாட்டிக்கொண்டு நின்றதுதான் அதைவிட வெட்கம்.

புதுக் காம்புக்கு மலையிலிருந்து பச்சை வெக்காலிக் கழி ஒன்று வெட்டி வரட்டுமா என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் விவரம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. "பச்சையா மாட்டினா ஒரே மாசத்துல சுருங்கி ஆடும், ஒங்க மேஸ்திரிதான் அப்படிச் செய்வான்" என்றார். பழைய வண்டியிலிருந்து கழற்றிய காய்ந்த வெக்காலித் துண்டு ஒன்றை எடுத்தார். மரத்தின் நாடி ரேகை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு செதுக்கினார். நுனியில், துளையின் நீளவாக்கில், துளையின் ஆழத்தில் முக்கால் பங்குக்கு ஆப்பு இறங்குவதற்காக ரம்பத்தால் ஒரு வெட்டு வாய் அறுத்தார். மாட்டிக் கொடுக்கவும் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணே, நானே மாட்டிக்கிறேன்" என்றாள் தைலம்மாள். "நாளைக்கு ஆடினா இங்க ஓடி வர முடியாது. அடில ஒக்கார்றவ நான்தான்."

சூசை அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தார். சம்மட்டி யாருடையது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் அவர் மேஸ்திரியைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம்வரை அவள் காம்பையும் ஆப்பையும் வெயிலில் போட்டாள். ராசு சும்மா இருப்பானா? "தண்ணியில போட வேண்டியத வெயில்ல போடுறா, உருப்பட்ட மாதிரிதான்" என்றான். "சுருங்கறதா இருந்தா இப்பவே சுருங்கட்டும். அப்பறம் என் தலைக்கு மேல வந்து சுருங்க வேணாம்" என்றாள் அவள்.

மத்தியானத்துக்கு மேல் கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். எல்லாரும் சுற்றி நின்றோம். காம்பைக் குறுகிய வாய் வழியாகத் துளைக்குள் கொஞ்சம் விட்டு, வெளியே எடுத்தாள். இரும்பு உரசிய இடம் மரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டினாள். மறுபடி விட்டாள், எடுத்தாள், சுரண்டினாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பார்க்கவே எனக்குப் பொறுமை போனது. நானாக இருந்தால் அரிவாளால் இரண்டு சீவு, நாலு அடி, முடிந்தது. அந்த லட்சணத்தைத்தான் சூசை பார்த்துவிட்டாரே.

சரியாக இறங்க ஆரம்பித்ததும் அவள் எழுந்து நின்று, காம்பைத் தலைகீழாக, சம்மட்டித் தலை கீழே தொங்குகிற மாதிரி ஒரு கையில் பிடித்தாள். மறு கையில் ஒரு கட்டையால் காம்பின் அடியில், அதாவது இப்போது மேலே இருக்கிற முனையில், ஓங்கித் தட்டினாள்.

"தலைய தரையில முட்டாம தொங்க வுட்டா எப்படிடி ஏறும்? கீழதான் வுழும்" என்றேன்.

விழவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் காம்புதான் கீழே இறங்கியது. கனமான தலை அப்படியே நின்றது. பார்க்கிறவனுக்குத் தலை தானாகக் காம்பில் மேலே மேலே ஏறுவது மாதிரி இருந்தது. காம்பின் நுனி துளையைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே வந்ததும் நிறுத்தினாள். மேஸ்திரி இருசப்பன், இதெல்லாம் தனக்கு முன்னாலேயே தெரியும் என்கிற மாதிரித் தலையாட்டினார்.

பிறகு ஆப்பு. காய்ந்த புளியமரத்தின் உள்வைரக் கட்டையில் சூசை சீவிக் கொடுத்தது. மெல்லிசு, நீளம், துளையின் முழு நீளத்துக்கும் சரியான அகலம். எண்ணெய் தடவினால் சுலபமாக இறங்கும் என்று ராசு யோசனை சொன்னான். "சுலபமா எறங்கறது சுலபமா வெளியவும் வரும்" என்றாள். அறுத்த வாயில் ஆப்பை நேராக நிறுத்தி, சின்னச் சுத்தியால் அடித்தாள். ஓங்கி அடிக்கவில்லை. ஒரே அளவாக, இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று. முதலில் மந்தமாகக் கேட்ட சத்தம் போகப் போகக் கணீரென்று ஆனது. காம்பின் நுனி இரண்டு பக்கமும் விரிந்து துளையின் வாயை மயிரிழை விடாமல் அடைத்தது. அடி விழுந்தும் ஆப்பு நகராமல் நின்றபோது சுத்தியைக் கீழே வைத்தாள். நீட்டிக்கொண்டிருந்ததை ஒரு நெல் உயரம் விட்டு அறுத்தாள். கடைசியாக அந்த ஆப்புக்குக் குறுக்காக மெல்லிய இரும்பு ஆப்பு ஒன்று. அதுவும் சூசை கொடுத்ததுதான்.

என் ஆணிகளோடு பழைய காம்பு பக்கத்தில் கிடந்தது. யாரும் பார்க்காதபோது காலால் ஒதுக்கிவிட்டேன்.

"ஆச்சி. கீழ போலாம் வா" என்றாள். நான் சம்மட்டிக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நீ ஒக்காரு. நான் அடிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ எங்கடி அடிப்ப?"

"கையில தெம்பு இருக்குது. ஆறு வருசமா ஒன்னயே பாத்துக்கினேதான இருக்கேன். ராசு ஒக்காந்து பாத்தாரு. மேஸ்திரிக்கு முட்டி. நீ ஒருத்தன்தான் பாக்கி."

ஆறேழு பேர் நிற்கிறார்கள். கிணற்று மேட்டில் தங்கதுரை வேறு வந்து நிற்கிறார். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. இறங்கினோம். நான் பாறைமேல் சம்மணம் போட்டு, உளியை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தேன்.

நாற்பது அடிக்கு மேலே வட்டமாக வானம். அந்த வட்டத்தின் நடுவில் சம்மட்டித் தலை கறுப்பாக எழும்பியது. அதற்கும் என் நெற்றிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. நான் பயந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, நன்றாகவே பயந்தேன். நல்ல காம்பு, நல்ல ஆப்பு, என் கண் முன்னால் மாட்டியது, அத்தனையும் தெரிந்தும் பயந்தேன். அப்போதுதான், இரண்டு ஆணிக்கும் ஒரு அரிவாள் துண்டுக்கும் கீழே ஆறு வருஷம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு உறைத்தது.

"கண்ண மூடாத. உளிய திருப்பு" என்றாள் தைலம்மாள்.

முதல் அடி உளியின் ஓரத்தில் விழுந்தது. இரண்டாவது நடுவில் விழுந்தது. அதற்கப்புறம் எல்லாம் நடுவில்தான். முப்பது அடிக்கு ஒரு தடவை அவள் நிறுத்துவாள். நான் எட்டிக் காம்பைப் பார்ப்பேன். வெள்ளை தெரியவில்லை. முந்நூறு அடிக்கும் தெரியவில்லை. இருட்டுவதற்குள் ஒரு குழி முடிந்தது. நான் எழுந்தபோது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. தங்கதுரை மேலேயிருந்து, "பரவால்லியே பிச்சமுத்து, நல்லா அடிச்ச" என்றார். மேலேயிருந்து பார்த்தால் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது போலிருக்கிறது. நானும் திருத்தவில்லை. தைலம்மாளும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசியம்மாள் ஒரு துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு தைலம்மாளிடம் வந்தாள். ராசுவின் சம்மட்டி. அது நேராகத்தான் மாட்டியிருந்தது. ஆனால் ஆப்புக்குப் பதிலாக ஒரு சைக்கிள் செயின் துண்டு. "எனக்குத் தெரியாது, அவளா எடுத்துக்கினு வந்துட்டா" என்று ராசு தூரத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். அதற்கும் கண்ணாடிச் சில்லு, அதற்கும் புது ஆப்பு. அன்று பொழுதுக்கும் இரண்டு ஜோடியும் வேலை செய்தோம். என் சம்மட்டியை அன்றும் தைலம்மாள்தான் அடித்தாள். நான்தான் பிடித்தேன்.

சாயங்காலம் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஆறு வருசம் எப்படிடி ஒக்காந்த?"

"ஒக்காந்தேன். இன்னா எப்படி?"

"பயமா இல்லியா?"

அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "நான் சம்மட்டிய பாத்ததே இல்லய்யா. ஒன் மூஞ்சியதான் பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன். நீ பல்ல கடிச்சா அடி வரப்போவுதுன்னு தெரியும். திருப்பிக் குடுப்பேன். அவ்ளோதான். இந்தக் கெணத்துல சத்தம் மாறுனாப்புல இருந்துது. அதான் மொத மொறையா மேல பாத்தேன்."

அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. சோறு வைக்கப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒன்றை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பதினேழு கிணறு வெட்டியும் வராத சந்தோஷம் எனக்கு அந்த அடுப்புப் புகையில் வந்தது.

திங்கட்கிழமை கடைசிக் குழி. அதை முடித்தால் வெடிக்கலாம், கம்ப்ரசர் வராது. தைலம்மாளுக்குத் தோள் வீங்கியிருந்தது. "இன்னிக்கி நீ அடி" என்று சம்மட்டியை என்னிடம் கொடுத்தாள். நான் மகாராஜாவாக வாங்கிக்கொண்டேன். கிணற்றுக்குள் இறங்கி, பழைய இடத்தில் நின்று, காலை அகட்டி, அவள் பார்ப்பதற்காக முகத்தை நன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

அவள் உளியை ஊன்றிவிட்டு, உட்காருவதற்கு முன்னால் கையை நீட்டினாள். "காட்டு" என்றாள். சம்மட்டியைத் திருப்பிக் காட்டினேன். ஆப்பை விரலால் தடவினாள், காம்பைப் பார்த்தாள், தலையைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். அவள் கண் சம்மட்டியோடு மேலே போய், சம்மட்டியோடு கீழே வந்தது. அன்று முழுக்க ஒரு தடவைகூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆப்பு உறுதியாகத்தான் இருந்தது. இனிமேல் அவள் நம்பப்போவது என் மூஞ்சியை இல்லை, அந்த ஆப்பைத்தான்.